இளவேனிலின் வீட்டாருக்கு, ஐந்தாம் வகுப்பிலிருந்து

இளவேனிலின் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் தம்பி கதிருக்கும்,

இளவேனில் இறந்துவிட்டாள் என்பதை, நீங்கள் இசைவு தந்தபடி, வகுப்பில் அந்தச் சொல்லாலேயே சொன்னோம். தூங்கிவிட்டாள் என்றோ தொலைதூரம் போய்விட்டாள் என்றோ சொல்லியிருந்தால், இரவில் கண்மூடவே அஞ்சும் பிள்ளைகளும் அவள் எப்போது திரும்புவாள் என்று காத்திருக்கும் பிள்ளைகளும் எங்களிடையே இருந்திருப்பார்கள். இரத்தப் புற்றுநோய் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது என்பதையும் விளக்கினோம். அவளுடைய பென்சிலை வாங்கி எழுதிய ஒரு பிள்ளைக்கு அது தெரிய வேண்டியிருந்தது.

இந்த அட்டையில் எழுதும்படி எவரையும் வற்புறுத்தவில்லை. அவளைப் பற்றித் தமக்கு நேரில் தெரிந்ததை எழுதலாம், அவளிடம் சொல்லாமல் விட்டதை எழுதலாம், கோபமோ குழப்பமோ இருந்தால் அதையும் எழுதலாம், எதுவும் வராவிட்டால் பெயரை மட்டும் எழுதலாம் என்று சொன்னோம். ‘அழாதீர்கள்’ என்றும் ‘எல்லாம் நன்மைக்கே’ என்றும் எழுத வேண்டாம் என்பது மட்டுமே எங்கள் வேண்டுகோள். உங்கள் அழுகையை நிறுத்தச் சொல்லும் உரிமை எங்களில் எவருக்கும் இல்லை. கீழே இருப்பவை பிள்ளைகளின் சொற்கள்; அவற்றை நாங்கள் மாற்றவில்லை.

“கணக்கில் விடை சரியா என்று சந்தேகம் வந்தால் இளவேனில் பக்கத்தில் ஒரு சின்ன நட்சத்திரம் போடுவாள். நட்சத்திரம் போட்டவை பெரும்பாலும் சரியாகவே இருக்கும். நானும் இப்போது அப்படிப் போடுகிறேன்.” – யாழினி

“கதைப் புத்தகத்தில் கடைசிப் பக்கத்தைத்தான் அவள் முதலில் படிப்பாள். முடிவைச் சொல்லாதே என்று நான் காதைப் பொத்திக்கொள்வேன். அவள் ஒருமுறைகூடச் சொன்னதில்லை.” – முகில்

“எனக்கு நேராகக் கோடு போட வராது. என் நோட்டில் ஓரக்கோடு எல்லாம் அவள் போட்டது. அந்த நோட்டை நான் தூக்கிப் போட மாட்டேன்.” – மரியா

“விளையாட்டில் அவள் ஏமாற்றுகிறாள் என்று சொல்லிச் சண்டை போட்டேன். அவள் ஏமாற்றவில்லை. மன்னிப்புக் கேட்பதற்குள் மருத்துவமனைக்குப் போய்விட்டாள். மன்னித்துவிடு, இளவேனில்.” – இர்ஃபான்

“எனக்குக் கோபமாக இருக்கிறது. யார் மேல் என்று தெரியவில்லை.” – செழியன்

“நான் புதிதாக வந்த அன்று எல்லோரும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். அவள்தான் நகர்ந்து உட்கார்ந்து இடம் கொடுத்தாள். அம்மா, அதை நீங்கள் சொல்லிக் கொடுத்தீர்களா?” – நிலா

“கதிர், உன் அக்கா உன்னைப் பற்றி நிறையச் சொல்வாள். நீ பல் விழுந்ததை ஒளித்து வைத்த கதை எங்களுக்குத் தெரியும். இடைவேளையில் எங்களோடு விளையாட வரலாம். பேச வேண்டாம் என்றாலும் வரலாம்.” – ஆதிரா, தமிழ், வசந்த்

“எனக்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை.” – கபிலன்

இர்ஃபான் எழுதியதைச் சேர்ப்பதா என்று நெடுநேரம் யோசித்தோம். சண்டையால் யாருக்கும் நோய் வருவதில்லை என்பதை அவனோடு தனியே அமர்ந்து பேசினோம், அவன் பெற்றோரிடமும் சொன்னோம். எழுதியதை அழிக்கச் சொன்னால், சொல்லக்கூடாத ஒன்றைச் சொல்லிவிட்டதாக அவன் எண்ணிக்கொள்வான் என்பதால் அப்படியே விட்டிருக்கிறோம். இளவேனிலின் மருத்துவமனைக் கடிதம் ஒன்றில் “இர்ஃபானை என் அணியில் சேர்த்துக்கொள்ளுங்கள்” என்று இருந்ததை அவனுக்குப் படித்துக் காட்டியபோது, அவன் அந்தத் தாளை வாங்கித் தானும் ஒருமுறை படித்தான்.

அவளுடைய நோட்டுகளும் ஓவியங்களும் வகுப்பு அலமாரியில் தனியே பத்திரமாக இருக்கின்றன. பெற்றுக்கொள்ளும் மனநிலை உங்களுக்கு வரும் வரை, அது எத்தனை மாதங்கள் ஆனாலும், அவை அங்கேயே இருக்கும். நேரில் வர இயலாவிட்டால் சொல்லி அனுப்புங்கள், வீட்டுக்கே கொண்டுவருகிறோம். அவள் இருக்கையை உடனே அகற்ற வேண்டாம் என்று பிள்ளைகள் கேட்டார்கள். இந்தப் பருவம் முடியும் வரை அது அங்கேயே இருக்கட்டும் என்று முடிவு செய்திருக்கிறோம். உங்களுக்கு அதில் வருத்தம் இருந்தால் தயங்காமல் தெரிவியுங்கள்.

கதிர் பள்ளிக்குத் திரும்பும் நாளை நீங்களும் அவனுமே தீர்மானியுங்கள். அரை நாள் மட்டும் வந்தாலும், வந்த உடனே வீட்டுக்குப் போக வேண்டும் என்றாலும், அவன் வகுப்பாசிரியர் அறிவார். அக்காவைப் பற்றி யாரும் கேட்கக்கூடாது என்று அவன் விரும்பினால் அதையும், கேட்க வேண்டும் என்று விரும்பினால் அதையும் எங்களிடம் சொல்லச் சொல்லுங்கள்.

இந்த அட்டைக்கு நீங்கள் பதில் எழுத வேண்டியதில்லை.

ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளும் வகுப்பாசிரியரும்