ஒரு நிமிஷம், ஒரு பழமொழி: சித்திரைப் புழுதி

(முகப்பு இசை 3 விநாடி, மெல்லக் குறையும்)

காலை வணக்கம். தங்கம் இன்னிக்கு சவரன் என்ன விலைன்னு பேப்பர்ல பார்த்திருப்பீங்க. செய்கூலி, சேதாரம் இல்லாத தங்கம் ஒண்ணு உங்க கொல்லையிலேயே கெடக்குது. நான் சொல்லலை, நம்ம பெரியவங்க சொன்னது: "சித்திரை மாதப் புழுதி பத்தரை மாற்றுத் தங்கம்." சித்திரையில உழுது போட்ட மண்ணைத்தான் அப்படிச் சொன்னாங்க.

போன வாரம் செங்கம் பக்கம் ஒரு மானாவாரி கொல்லைக்குப் போயிருந்தேன். கடலை போடுற நிலம். மழை பேஞ்சு மண்ணு கால்ல ஒட்டாத பதம். டிராக்டர் ஓடுது. வரப்புல நின்ன மருமகப் பிள்ளைக்கு மனசு ஆறலை.

"என்ன மாமா, விதைக்கிறதே ஆனி ஆடியில. இப்ப எதுக்கு டீசல் செலவு?"

மாமா பதில் சொல்லலை. புதுசா விழுந்த சால்ல குனிஞ்சு, மண்ணைக் கிளறி ஒண்ணை எடுத்து மருமகன் உள்ளங்கையில வெச்சார். கருஞ்சிவப்பா, கொட்டைப்பாக்கைவிடச் சின்னதா ஒரு கூடு. விரலால தொட்டதும் நுனி நெளியுது.

"போன வருஷம் கடலைச் செடியை மொட்டையடிச்சுதே சிவப்புக் கம்பளிப்புழு, அதோட கூட்டுப்புழு மாப்ளே. இப்படியே விட்டா அடுத்த மழைக்கு அந்துப்பூச்சியா வெளிய வரும். ஒவ்வொண்ணும் நூத்துக்கணக்குல முட்டை வைக்கும். அப்புறம் மருந்துக்கடையில கணக்கு எழுதணும். இப்ப பாரு, செலவில்லாத ஆளுங்க வந்துட்டாங்க!"

டிராக்டருக்குப் பின்னாடி கொக்கும் மைனாவுமா ஒரே கூட்டம். அதுங்க விட்டு வெச்சதை வெயில் பார்த்துக்கும். மேல வந்த கோரைக்கிழங்கும் காஞ்சு போகும். அடுத்து வர்ற மழை ஓடைக்கு ஓடாம மண்ணுக்குள்ள இறங்கும். அதுக்கு ஒண்ணு செய்யணும், சரிவுக்குக் குறுக்கால ஓட்டணும். மேட்டுலேர்ந்து பள்ளத்துக்கு ஓட்டினா சாலே வாய்க்காலாயிடும், மேல்மண்ணும் சேர்ந்து போயிடும்.

இன்னொண்ணு, புழுதின்னு சொன்னதுக்காக ரோட்டவேட்டர் விட்டு மாவா ஆக்கிடாதீங்க. காத்துல பறந்து பக்கத்துக் கொல்லைக்காரருக்குத்தான் அந்தத் தங்கம். அஞ்சு கொத்துக் கலப்பை போதும், கட்டி கட்டியாக் கெடக்கட்டும்.

(இசை மெல்ல ஏறும்)

நேத்து ராத்திரி செங்கம், போளூர் பக்கம் நல்ல மழைன்னு நேயர்கள் போன்ல சொன்னாங்க. பதம் ரொம்ப நாள் நிக்காது, டிராக்டர்காரரும் சும்மா இருக்க மாட்டார். டீ ஆறுறதுக்குள்ள அவருக்கு ஒரு போன் போட்டுடுங்க!

(இசை முடியும்)