மாமாவுக்கு ஒரு நன்றிக் கடிதம்

ஸ்ரீரங்கம்,
5-8-2025.

பெருமதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

தங்கள் மருமகன் குமரன் பணிவான வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு அம்மாவும், அண்ணன் குடும்பத்தாரும், நாங்களும் நலம். திருவையாற்றில் தங்கள் நலத்தையும் அத்தையின் நலத்தையும் அறிய ஆவலாக இருக்கிறோம். அத்தையின் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது என்று அம்மா தனியாகக் கேட்டு எழுதச் சொன்னார்.

ஆனி மாதத்தில் தாங்கள் இரண்டு பேருந்து மாறி மூன்று முறை எங்கள் வீட்டுக்கு வந்துபோனதற்கு நன்றி சொல்லவே இக்கடிதத்தை எழுதுகிறேன். கடைசி முறை தங்களைப் பேருந்து ஏற்றிவிட வந்தபோதே சொல்லிவிட வேண்டும் என்று வாயெடுத்தேன். "வெயில் ஏறுறதுக்குள்ள போய்ச் சேரணும்ப்பா, பஸ் வந்துடுச்சு" என்று தாங்கள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டீர்கள். அந்தப் பேச்சை மறுபடி யாரும் எடுக்கவேண்டாம் என்று தாங்கள் நினைத்தது எனக்கு அப்போதே புரிந்தது. ஆகவே, நடந்தவற்றைப் பற்றி இதில் ஒரு வரியும் எழுதமாட்டேன். தாங்கள் செய்ததை மட்டும் எழுத அனுமதிக்க வேண்டும்.

முதல் நாள் தாங்கள் வந்து அமர்ந்ததும் பஞ்சாயத்து தொடங்கும் என்று எண்ணி, என்னென்ன சொல்ல வேண்டும் என்று மனத்துக்குள் வரிசைப்படுத்தி வைத்திருந்தேன். தாங்களோ காப்பியைக் குடித்துவிட்டு, அப்பாவின் பழைய சாய்வு நாற்காலியில் துணி கிழிந்திருப்பதைப் பார்த்து, அதை மாற்றித் தைக்கக் கடைத்தெருவில் ஆள் உண்டா என்று கேட்டீர்கள். மாலையில் அண்ணனை மட்டும் அழைத்துக்கொண்டு கொள்ளிடக் கரைக்கு நடந்தீர்கள். மறுநாள் விடியற்காலையில் என்னோடு திண்ணையில் உட்கார்ந்து, நான் பேசி முடிக்கும்வரை ஒரு முறைகூடக் குறுக்கே பேசாமல் கேட்டீர்கள். அண்ணனிடம் தாங்கள் என்ன பேசினீர்கள் என்று இன்றுவரை நான் கேட்கவில்லை. என்னிடம் பேசியதை அவரும் கேட்கவில்லை. யாரையும் மன்னிப்புக் கேட்கச் சொல்லாமலும், யாருடைய மனைவி முன்னாலும் யாரையும் தாழ்த்தாமலும், முடிவை அம்மாவின் விருப்பமாகவே அம்மாவின் வாயால் சொல்லவைத்து, தாங்கள் ஓரமாக வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த அந்தப் பெருந்தன்மையை நான் ஆயுள் உள்ளவரை மறக்கமாட்டேன். அப்பா இருந்திருந்தாலும் இவ்வளவு பொறுமையாக இருந்திருப்பாரா என்பது ஐயமே. அவருக்குக் கோபம் முந்தும் என்பது தாங்கள் அறிந்ததுதான்.

நேற்று முன்தினம் பதினெட்டாம் பெருக்குக்கு எல்லோரும் ஒன்றாக அம்மா மண்டபத்துக்குப் போனோம். மேட்டூர் ஜூன் 12ஆம் தேதியே திறந்துவிட்டதால் காவிரியில் இந்த ஆண்டு நல்ல தண்ணீர். படித்துறையில் கால் வைக்க இடமில்லாத கூட்டம். அண்ணியும் என் மனைவியும் சேர்ந்தே புளியோதரையும் தேங்காய்ச் சோறும் கிளறி எடுத்து வந்தார்கள். காதோலை கருகமணியை ஆற்றில் விட்டுப் படைத்த பிறகு, அண்ணி மஞ்சள் கயிற்றை எடுத்து முதலில் என் மனைவியின் கழுத்தில் கட்டினார். அண்ணன் மகனும் என் மகளும் ஒரே சப்பரத்தை ஆளுக்கொரு கயிறாகப் பிடித்து மணலில் இழுத்துக்கொண்டு ஓடியதைப் பார்த்து, அம்மா காப்பரிசிக் கிண்ணத்தை மடியில் வைத்தபடியே சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "உங்க மாமாவுக்கு ஒரு பிடி எடுத்து வையி" என்றார். எடுத்து வைத்திருக்கிறோம்.

இரண்டு மாதமாக அடுக்களையை விட்டு வெளியே வராமல் இருந்த அம்மா, இப்போது மாலையில் கூடத்து ஊஞ்சலில் வந்து உட்காருகிறார். இதைத் தங்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று தோன்றியது. வயதான காலத்தில் தாங்கள் பட்ட அலைச்சலுக்கு எங்களால் ஈடு செய்ய இயலாது; ஆனால் அந்த அலைச்சல் வீண்போகவில்லை என்பதைத் தாங்கள் அறிய வேண்டும். சாய்வு நாற்காலிக்கும் புதுத் துணி தைத்தாகிவிட்டது. அடுத்த முறை வரும்போது தாங்கள்தான் முதலில் அதில் அமர வேண்டும்.

இக்கடிதத்தை உறையில் இடுவதற்கு முன் அண்ணனிடம் படிக்கக் கொடுத்தேன். முழுவதும் படித்துவிட்டு, மடித்து என் கையில் கொடுத்து, வருகிற ஞாயிற்றுக்கிழமை திருவையாற்றுக்குப் போகலாம் என்றும் காரைத் தானே ஓட்டுவதாகவும் சொன்னார். 10ஆம் தேதி காலை பத்து மணிக்குள் அம்மாவையும் அழைத்துக்கொண்டு வந்துவிடுவோம். அத்தை எங்களுக்காக விருந்து எதுவும் செய்து சிரமப்பட வேண்டாம். சமையலை இங்கிருந்தே செய்து எடுத்து வருகிறோம்.

தங்கள் ஆசியை நாடும்,
மருமகன்
குமரன்