ஒருத்தர் தலையும் காயல, ஒருத்தர் சிரிப்பும் ஓயல! குற்றாலத்தில் எங்க வீட்டுக் கூட்டம்

படத்துக்கு அந்த ஒரு வரி போதும். கீழே இருப்பதெல்லாம் “இது யாரு, அது யாரு பிள்ளை?” என்று கேட்கப்போகும் மும்பைச் சித்திக்கும், வர முடியாமல் போன மற்றவர்களுக்கும். அவசரக்காரர்கள் ஒரு லைக் போட்டுவிட்டு நகரலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

இடது ஓரத்திலிருந்து வருகிறேன். தலையில் ஈரிழைத் துண்டைக் கட்டிக்கொண்டு, கையை நீட்டி யாரையோ அதட்டுகிற மாதிரி நிற்பவர் பெரிய மாமா. அதட்டுவது படம் எடுத்த வேன் டிரைவர் அண்ணனைத்தான். “தம்பி, மலையும் சேர்ந்து விழணும், கொஞ்சம் பின்னால போங்க” என்று சொல்லிச் சொல்லி அவரைச் சாலை வரைக்கும் தள்ளிவிட்டார். மலை விழவில்லை. சாரல் மேகம் மொத்தமாக இறங்கி மறைத்திருந்தது. பின்னால் வெள்ளையாகத் தெரிவதுதான் மேற்குத்தொடர்ச்சி மலை, நம்பிக்கொள்ளுங்கள். மாமாவின் தோள் இப்படிப் பளபளப்பதற்குக் காரணம் அருவி இல்லை, அதற்கு முந்தி ஒரு மணி நேரம் கல்லில் படுத்து வாங்கிக்கொண்ட எண்ணெய் மசாஜ். அடி விழுகிற சத்தம் எங்களுக்குக் கேட்டது. எழுந்து வந்தவர், “பத்து வயசு குறைஞ்சிட்டு” என்றார். குறைந்த மாதிரி அத்தைக்குத் தெரியவில்லை.

அத்தை அவர் பக்கத்திலேயே இருக்கிறார், பச்சைச் சேலை. எல்லாப் படத்திலும் கண்ணை மூடுகிறவர் இதில் அகலத் திறந்து வைத்திருப்பதைப் பார்த்து யாரும் மகிழ வேண்டாம். அவர் கேமராவைப் பார்க்கவில்லை, குரங்கைப் பார்க்கிறார். வேனின் பின் ஏணியில் உட்கார்ந்து, நாங்கள் வாங்கி வைத்த நேந்திரங்காய் சிப்ஸ் பொட்டலத்தை இரண்டு கையாலும் பிடித்து, ஒரு மூலையைப் பல்லால் கடித்து, ஒன்றுகூடச் சிந்தாமல் பிரித்தது. நாம் கிழித்தால் பாதி மடியில் கொட்டும். படத்தின் வலது மேல் மூலையில் கறுப்பாகத் தொங்குகிறதே, அதன் வால்தான். அதற்கும் சேர்த்துத்தான் ‘வீட்டுக் கூட்டம்’ என்று போட்டிருக்கிறேன்.

நடுவில் ஆச்சி. டீக்கடையில் கேட்டு வாங்கிய சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி அது. கடைக்காரர், “ஆச்சிக்குன்னா எடுத்துக்கோங்க” என்று சொல்லிவிட்டு, எங்கள் எல்லாருக்கும் சுக்கு காபி விற்றுவிட்டார், கெட்டிக்காரர்.

ஆச்சியின் தலைமுடியைப் பாருங்கள். கொண்டை இல்லாமல் ஆச்சியைப் பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? எனக்கு இதுதான் முதல் முறை. வேனில் ஏறும்போதே, “நான் தண்ணிக்குள்ள வரமாட்டேன், மாற்றுச் சேலைகூட எடுத்துட்டு வரல. நீங்க குளிங்க, நான் பையைப் பாத்துக்கிறேன்” என்று திட்டவட்டமாகச் சொன்னவர். அத்தை மட்டும் ஒன்றும் பேசாமல் ஒரு சுங்குடிச் சேலையைத் தன் பையில் மடித்து வைத்துக்கொண்டார். பெற்ற பிள்ளைக்குத் தெரியாதா அம்மாவை.

முதலில் பேரருவிக்குத்தான் போனோம். அங்கே தண்ணீர் எக்கச்சக்கம், பாதுகாப்பு வளைவைத் தாண்டிக் கொட்டியது. போலீஸ்காரர்கள் விசிலை ஊதி யாரையும் உள்ளே விடவில்லை. தடை போட்டது நல்லதுதான், அந்தச் சத்தத்தைக் கேட்டாலே புரியும். தூரத்தில் நின்று பார்த்தோம். பெரிய மாமா பிள்ளைகளைக் கூட்டிவைத்துக்கொண்டு, “மேல இருந்து வர்ற தண்ணி நேரா தலையில விழாது. நடுவுல பொங்குமாகடல்னு ஒரு பெரிய பள்ளம் இருக்கு, அதுல விழுந்து, நெறஞ்சு, வழிஞ்சுதான் கீழ வரும். இல்லேன்னா கீழ ஒருத்தன் நிக்க முடியுமா?” என்று விளக்கினார். மாமா சொல்கிற கதைகளில் இப்படி உண்மையும் நடுநடுவே வரும்.

அப்போதுதான் ஆச்சி மெதுவாகக் கேட்டார், “இது எங்க ஊருக்கு வர்ற தண்ணிதானல?” ஆச்சி பிறந்தது சீவலப்பேரி. இங்கே விழுகிற சிற்றாறு தென்காசி வழியாக ஓடி, சீவலப்பேரிப் பக்கம்தான் தாமிரபரணியில் சேர்கிறது. சின்ன வயதில் அங்கே குளிக்கும்போது, மேற்கே சாரல் விழுந்தால் தண்ணீரின் நிறத்தை வைத்தே கண்டுபிடிப்பார்களாம். “குத்தாலத்துல சீசன் தொடங்கிட்டு” என்று ஆச்சியின் அப்பா சொல்வாராம். அந்தத் தண்ணீர் கிளம்புகிற இடத்தை இந்த வயதில் அவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். சுடலைமாடனை நினைத்து ஒரு கும்பிடும் போட்டார்.

ஐந்தருவிக்கு வந்ததும் கதை மாறிவிட்டது. பெண்கள் பக்கம் கூட்டம் குறைவு, வரிசை நகர்ந்தது. நானும் மதினியும் ஆளுக்கொரு கையைப் பிடித்து, “ஓரத்துல நின்னு காலை மட்டும் நனைங்க ஆச்சி” என்றுதான் கூட்டிப்போனோம். கால் நனைந்தது. முழங்கால் நனைந்தது. பிறகு எங்கள் கையை உதறிவிட்டுக் கொண்டையை அவிழ்த்தார். தண்ணீரில் முகத்தைக் கொடுக்காமல் முதுகைக் கொடுத்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற நிற்பைப் பார்த்தால் பழக்கப்பட்ட உடம்பு என்று தெரிந்தது. எனக்கு மூச்சு முட்டி நான் வெளியே வந்துவிட்டேன், ஆச்சி வரவில்லை. பின்னால் வரிசையில் நின்ற ஒரு அக்கா, “பாட்டி, எங்களுக்கும் கொஞ்சம் தண்ணி விடுங்க” என்று கேட்ட பிறகுதான் நகர்ந்தார். அத்தை சுங்குடிச் சேலையை எடுத்து நீட்டியபோது ஆச்சி பார்த்த பார்வை இருக்கிறதே, அதைத்தான் படம் எடுத்திருக்க வேண்டும்.

இந்தப் படத்தில் ஒரு நரைமுடி காதுத் தோட்டில் சிக்கி ஈரமாக வளைந்து நிற்கிறது, பெரிதாக்கிப் பார்த்தால் தெரியும். ஒதுக்கிவிட மதினி கை நீட்டினார், “இருக்கட்டும் விடு” என்றார் ஆச்சி.

வலது பக்கத்தைச் சீக்கிரம் முடிக்கிறேன். கட்டம் போட்ட கைலி அப்பா. நனைந்த சட்டையைப் பிழிந்துகொண்டே சிரிப்பது அண்ணன், அவன் தோளில் சாய்ந்திருப்பது மதினி. கீழே உட்கார்ந்திருக்கும் நான்கு பொடிசுகளில் மூன்று நம் வீட்டுப் பிள்ளைகள். நான்காவது பையன் யார் என்று தெரியாது, பக்கத்து வேனில் வந்தவன். படம் எடுக்கிறார்கள் என்றதும் ஓடிவந்து உட்கார்ந்தான், வி மாதிரி விரலைக் காட்டினான், எழுந்து போய்விட்டான். அவனை வெட்டிவிடலாம் என்று தம்பி சொன்னான். எதற்கு? எல்லாரையும்விட அழகாகச் சிரித்திருப்பது அவன்தான். தம்பியைத் தேடாதீர்கள், அவன் மங்குஸ்தான் விலை பேசிக்கொண்டிருந்தான். ரம்புட்டானையும் சேர்த்து வாங்கி வருவதற்குள் படம் முடிந்துவிட்டது.

இனி, மேலே இருக்கிற அந்த ஒரு வரி. அதற்கு நடந்த பஞ்சாயத்து இரவு பரோட்டாக் கடையில் தொடங்கி, வேன் ஆலங்குளம் தாண்டும் வரைக்கும் ஓடியது. அப்பா முதலில் எழுதிக் கொடுத்தது: ‘திரிகூட மலைச்சாரலில் உற்றார் உறவினருடன் நீராடி மகிழ்ந்த பொன்னான தருணம்.’ தமிழில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கிறது, கீழே ‘தங்கள் நல்வரவை நாடும்’ என்று போட்டால் மொய் எழுத வந்துவிடுவார்கள். தம்பி ‘ஃபேமிலி கோல்ஸ்’ என்றான். ஆச்சி, “கோலா? எங்க போட்டீங்க கோலம்?” என்று கேட்டார், அது அதோடு போயிற்று. அத்தை தினமும் காலையில் குழுவில் அனுப்புகிற ‘கூடி வாழ்ந்தால் கோடி நன்மை’யையே போடச் சொன்னார். மறுக்கப் பயமாக இருந்ததால் எல்லாரும் பரோட்டாவைப் பிய்ப்பதில் கவனமானோம்.

கடைசியில் சொன்னது அண்ணனின் மகள். போனை வாங்கிப் படத்தை விரித்து விரித்துப் பார்த்துவிட்டு, “யாருக்குமே தலை காயல” என்றாள். அவ்வளவுதான். “யாரு சிரிப்பும் ஓயலயே” என்று மதினி சேர்த்தார். அப்பா மட்டும், “காயவில்லை, ஓயவில்லை என்று முழுசா எழுதலாமே” என்று ஒரு திருத்தம் கொண்டுவந்தார். ஆச்சி முன் சீட்டிலிருந்து, “பிள்ளை சொன்னபடியே போடுங்க” என்றார். அப்பீல் இல்லாத தீர்ப்பு.

இன்னும் சில விஷயங்கள். இந்தப் படத்தைப் பெரிதாக பிரிண்ட் போட்டு ஆச்சி வீட்டு முன்னறையில், தாத்தா படத்துக்கு எதிர்ச் சுவரில் மாட்டப்போகிறோம். தாத்தா பார்க்கிற மாதிரி இருக்க வேண்டும் என்பது ஆச்சியின் உத்தரவு. பிரேம் வேண்டும் என்கிறவர்கள் இந்த வாரத்துக்குள் அண்ணனிடம் சொல்லுங்கள், மொத்தமாகக் கொடுத்தால் விலை குறையும். சித்தி, அடுத்த சீசனுக்கு ஜூலையிலேயே டிக்கெட் போட்டு வந்துவிடுங்கள், ஆகஸ்ட் கடைசி என்றால் சாரல் இருக்குமோ இருக்காதோ. அப்புறம், வேனின் கடைசி சீட்டுக்கு அடியில் ஒரு நீலத் துண்டும், ஒற்றைக் காலுக்கான குழந்தைச் செருப்பும் கிடந்தன. துண்டு மாமாவுடையது என்று கண்டுபிடித்துவிட்டோம். செருப்பு நம் பிள்ளைகள் யார் காலுக்கும் சேரவில்லை, அந்த வி காட்டிய பையனுடையதாக இருக்குமோ என்று சந்தேகம்.