ஜூன் 14 விசேஷம்: அட்வான்ஸ், பாக்கிப் பணம் பற்றி

வணக்கம் சார். நேற்று போனில் பேசியதையும் சேர்த்துப் பண விவரத்தை முழுசாக எழுதியிருக்கிறேன். முன்பு அனுப்பிய சிறிய மெசேஜை விட்டுவிட்டு இதையே வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் எல்லாரும் ஒருமுறை படித்துவிட்டால் நல்லது.

ஜூன் 14 ஞாயிறு, காலை டிபன் 150 பேர், மதியச் சாப்பாடு 300 பேர். சமையல், பரிமாறும் ஆட்கள், பாத்திரம், வண்டி வாடகை எல்லாம் பேசிய தொகைக்குள் அடக்கம். தண்ணீர் பாட்டில் மட்டும் உங்கள் பொறுப்பு.

மொத்தத் தொகையில் 30 சதவீதம் அட்வான்ஸ். மே 20-க்குள் வந்தால் தேதி உங்களுக்கு உறுதி. அதுவரை வேறு யாராவது அதே தேதியைக் கேட்டால், உங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் கொடுக்க மாட்டேன்.

அடுத்த 50 சதவீதம் ஜூன் 10 புதன்கிழமைக்குள் வேண்டும். மறுநாள்தான் மளிகை எடுக்கிறோம், ஆட்களுக்கும் முன்பணம் கொடுக்கிறோம். கடைசி ஆள் கணக்கையும் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். அதற்குப் பிறகு 20 பேர் வரை கூட்டலாம், குறைக்க முடியாது. பொருள் வாங்கியாகிவிடும் அல்லவா?

மீதி 20 சதவீதம், மதியப் பந்தி முடிந்ததும். இதில்தான் பல வீடுகளில் மனக்கசப்பு வருகிறது. அதனால் உங்கள் பக்கம் ஒருவரும் எங்கள் பக்கம் ஒருவரும் சேர்ந்து நின்று, ஒவ்வொரு பந்திக்கும் தட்டை எண்ணி ஒரே நோட்டில் குறித்து, இருவரும் கையெழுத்துப் போடட்டும். மதியம் 300 சொல்லி 312 பேர் சாப்பிட்டால், அந்த 12 சாப்பாட்டுக்கும் பேசிய அதே விலைதான், கூட்டிக் கேட்க மாட்டோம். 280 பேர்தான் வந்தார்கள் என்றால் 300-க்கே கணக்கு. மிஞ்சிய சாப்பாடு உங்களுடையது, பாத்திரம் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

விசேஷ வீட்டில் பெரியவர்களைத் தேடிப் பணம் கேட்பது எனக்குப் பிடிக்காது. பாக்கியைக் கொடுக்கப்போகிறவர் யார் என்று முன்னாடியே சொல்லிவிடுங்கள், அவரிடம் மட்டும் பேசிக்கொள்கிறேன். பரிமாறுகிறவர்கள் யார் கேட்டாலும் பணம் கொடுக்க வேண்டாம். எனக்கு வரும் ஒவ்வொரு தொகைக்கும் அன்றே ரசீது அனுப்புவேன்.

விசேஷம் தள்ளிப்போனால் அட்வான்ஸ் அப்படியே இருக்கும், ஆறு மாதத்துக்குள் எங்களுக்குக் காலியாக உள்ள தேதிக்கு மாற்றித் தருகிறோம். ரத்தானால், மே 31 வரை சொன்னால் அட்வான்ஸில் பாதி திரும்பக் கிடைக்கும். அதற்குப் பிறகு அட்வான்ஸைத் திருப்ப முடியாது. ஆனால் அந்த 50 சதவீதத்தைக் கொடுத்திருந்தால், அதில் செலவானது போக மீதியை பில்லோடு திருப்பித் தருவேன்.

இதில் எதையாவது மாற்ற வேண்டுமென்றால் அட்வான்ஸ் போடுவதற்கு முன் சொல்லுங்கள், பேசிக்கொள்ளலாம். சரி என்றால் இந்த மெசேஜுக்கே "சம்மதம்" என்று பதில் போட்டுவிடுங்கள் சார்.