வாழ்த்துரை பற்றி, கயலுக்கும் இளங்கோவுக்கும்

அன்புள்ள கயல், இளங்கோ,

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் இருவரும் சேர்ந்து போனில் கேட்டபோது "யோசித்துச் சொல்கிறேன்" என்றேன். மூன்று நாளாக அதே யோசனைதான். உங்கள் திருமணத்தில் வாழ்த்துரை வழங்க என்னால் முடியாது. அழைப்பிதழ் இந்த வாரம் அச்சுக்குப் போகிறது என்றீர்கள். என் பெயர் அதில் ஏறிய பிறகு சொன்னால் உங்களுக்குத்தான் சங்கடம், அதனால் இப்போதே எழுதுகிறேன். வாழ்த்துரை வரிசையில் என் பெயரைப் போட வேண்டாம்.

நீங்கள் கேட்டதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. உங்களுடையது சுயமரியாதைத் திருமணம். ஐயரும் இல்லை, மந்திரமும் இல்லை. அந்த இடத்தை நிரப்பப் போவது மேடையேறுகிறவர்களின் சொற்கள்தான். கயல் அப்பாவின் இயக்கத் தோழர்கள், கயலின் தமிழாசிரியை, இளங்கோவின் பெரியப்பா என்று போகும் பட்டியலில் என்னையும் சேர்க்க வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றியிருக்கிறது. போனை வைத்த பிறகு வெகுநேரம் அந்தச் சந்தோஷத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அப்புறம்தான் பயம் வந்தது.

கயல், "என்னிடம் விடிய விடியப் பேசுவாயே, அங்கே பத்து நிமிடம் பேச மாட்டாயா?" என்று கேட்டாய். உன்னிடம் பேசுவது வேறு. உன் முகம் ஒன்றுதான் எனக்கு எதிரே இருக்கும். கூட்டத்துக்கு முன்னால் மைக்கைப் பிடித்தால் எனக்கு வாய் உலர்ந்துவிடுகிறது, நெஞ்சு அடித்துக்கொள்ளும் சத்தம் காதில் கேட்கிறது, மனப்பாடம் செய்த வரிகூட இருந்த இடம் தெரியாமல் போய்விடுகிறது. இதை உன்னிடம் நான் முழுதாகச் சொன்னதில்லை. என் அப்பாவின் படத்திறப்புக்கு உன்னால் வர முடியவில்லை. அன்று அவரைப் பற்றி நான்கு வரி பேச எழுதி வைத்திருந்தேன். எதிரே இருந்தவர்கள் எல்லாம் சொந்தக்காரர்கள், அறுபது பேர்தான் இருக்கும். "எங்கள் அப்பா" என்றேன். அதற்கு மேல் குரல் வரவில்லை. அழுகையால் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். அது அழுகை இல்லை, பயம். சித்தப்பா வந்து என் கையிலிருந்த தாளை வாங்கிப் படித்து முடித்தார். அப்பாவுக்கு என் குரலால் சொல்ல வேண்டியது சொல்லப்படாமலே போய்விட்டது என்ற வருத்தம் இன்றும் ஆறவில்லை.

உங்கள் நாளில் அப்படி ஒன்று நடந்துவிடக் கூடாது. நானூறு பேர் வரும் மண்டபத்தில் நான் தடுமாறி நின்றால், உங்கள் இருவரின் கண்ணும் மாலையை விட்டுவிட்டு என் மீது வந்துவிடும். என்னைத் தேற்றுவது அன்றைக்கு உன் வேலையாக இருக்க வேண்டாம் கயல். அதைவிட, ஒப்புக்கொண்டால் அந்த நாள் வரைக்கும் உன் திருமணத்தை நினைத்தாலே எனக்குப் பயம்தான் வரும். நான் சந்தோஷமாக எதிர்பார்த்திருக்க வேண்டிய நாள் அது.

பேச எனக்கு விஷயம் இல்லாமல் இல்லை. பேசியிருந்தால் 2015 டிசம்பரைச் சொல்லியிருப்பேன். அடையாறு பெருகிய அந்த இரவில், சைதாப்பேட்டை விடுதியில் தரைத்தளம் முழுக்கத் தண்ணீர். மின்சாரம் இல்லை, போன் எடுக்கவில்லை. மாடியில் பதினோரு பேருக்கு இரண்டு ரொட்டிப் பாக்கெட்டும் ஒரு டப்பா ஊறுகாயும்தான் இருந்தன. நீதான் எண்ணிப் பங்கு வைத்தாய். முதல் பங்கைக் காவல்காரத் தாத்தாவுக்குக் கொடுத்துவிட்டு, "அவர்தான் முட்டித் தண்ணீரில் நின்று நம்மை மேலே ஏற்றினார்" என்றாய். உன் பங்கில் பாதியை எனக்குத் தெரியாமல் என் தட்டில் வைத்ததையும் பார்த்தேன். மறுநாள் கேட்டபோது இல்லவே இல்லை என்று சாதித்தாய். நீ எப்படிப்பட்டவள் என்று யாராவது கேட்டால் நான் சொல்வது இதைத்தான்.

இளங்கோ, உங்களை நான் பார்த்தது மூன்று முறைதான். மூன்றாம் முறை என் அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை நடந்த அன்று. கயல் வருவாள் என்று தெரியும், நீங்களும் வருவீர்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு போய், எந்தச் சொட்டு மருந்தை எத்தனை மணிக்கு விட வேண்டும் என்று பெரிய எழுத்தில் எழுதி அம்மாவிடம் கொடுத்தீர்கள். அந்தத் தாள் இன்னும் எங்கள் வீட்டு அலமாரிக் கதவில் ஒட்டியிருக்கிறது. என் தோழி நல்ல இடத்தில் இருக்கப் போகிறாள் என்று எனக்கு அன்றே தெரிந்துவிட்டது.

இதையெல்லாம் விரிவாக எழுதி, கையெழுத்துக் கடிதமாக உங்கள் கையில் கொடுக்கிறேன். திருமணத்துக்கு முதல் நாள் இரவு இருவரும் சேர்ந்து படியுங்கள். அதிலிருந்து ஒரு பத்தியை மேடையில் யாராவது படித்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றினால் படிக்கச் சொல்லுங்கள், எனக்குச் சம்மதம். விடுதித் தோழிகள் சார்பில் ஒருவர் பேச வேண்டும் என்றால் நிர்மலாவைக் கேட்டுப் பார். அவளுக்கு மேடை கூசாது, உன்னைப் பற்றி அவளிடமும் நிறைய இருக்கிறது. நான் அவளிடம் இதுபற்றி வாயே திறக்கவில்லை. நீ நேராகக் கேட்பதுதான் முறை.

ஒன்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்குபவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அன்பு மிகுதியில் யாராவது "மணமகளின் தோழி இரண்டு வார்த்தை பேசுவார்" என்று மைக்கில் கூப்பிட்டுவிட்டால் எனக்கு மறுக்கவும் தெரியாது, பேசவும் வராது. படம் எடுக்க மேடைக்குக் கூப்பிட்டால் ஓடி வந்துவிடுவேன்.

பேச்சு தவிர மற்ற எந்த வேலையையும் என்னிடம் விடலாம். அலுவலகத்தில் நான்கு நாள் விடுப்புச் சொல்லிவிட்டேன். இரண்டு நாள் முன்னதாகவே கோவையிலிருந்து தஞ்சாவூர் வந்துவிடுவேன். வருகிறவர்களுக்குத் தாம்பூலப் பைக்குப் பதில் புத்தகம் கொடுக்கப் போவதாகச் சொன்னாயே, அந்த மேசையை நான் பார்த்துக்கொள்கிறேன். ஒவ்வொருவராக வந்தால் எத்தனை பேருடனும் என்னால் பேச முடியும்.

இன்னொரு ஆசையும் இருக்கிறது, கேட்கலாமா என்று தயங்கிக் கேட்கிறேன். 1967இல் அண்ணா ஆட்சியில் வந்த திருத்தத்தின்படி, உங்களுக்குப் புரியும் மொழியில் ஒருவரையொருவர் துணையாக ஏற்பதாகச் சொல்லி மாலை மாற்றினாலே திருமணம் செல்லும். உறவினரோ நண்பரோ முன்னால் இருந்தால் போதும். அப்படி முன்னால் இருக்கும் ஒருத்தியாக, பிறகு திருமணப் பதிவுப் படிவத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட எனக்கு இடம் தருவீர்களா? ஏற்கெனவே வேறு யாருக்காவது சொல்லியிருந்தால் வருத்தமே இல்லை.

கயல், உன் அப்பாவுக்கு வெள்ளிக்கிழமை மாலை நானே போன் செய்து சொல்கிறேன். பேச்சாளர் பட்டியலை அவர்தான் எழுதுகிறார். உன் வாய் வழியாகக் கேட்டால் நான் ஒதுங்குவதாக அவருக்குப் படலாம். அம்மா உங்கள் இருவரையும் விசாரித்தார்கள். அவர்களும் என்னோடு வருகிறார்கள், மாடி ஏறாத அறையாகப் பார்த்துச் சொன்னால் போதும்.

நிறைந்த அன்புடன்,
சுமதி