ஹியூமிடிஃபிகேஷன் ஃபேன் பேனல் ஆம்மீட்டர்: இரண்டாம் ஷிப்டுக்கு

தம்பி, 30 எச்.பி. ஃபேன் மோட்டார் நன்றாகத்தான் ஓடுகிறது. டாங் டெஸ்டரில் மூன்று பேஸும் 27 ஆம்பியர். பேனல் மீட்டர் மட்டும் ஆரில் பூஜ்யம், ஒய்யில் 27, பியில் முள் ஆடுகிறது. செலக்டர் சுவிட்ச் வழியாக மூன்று பேஸுக்கும் ஒரே மீட்டர்தான், ஒய் சரியாகக் காட்டுவதால் மீட்டரில் கோளாறு இல்லை, மாற்ற வேண்டாம். ஸ்டோரில் இருப்பது 100/5 ஸ்கேல். நம் சி.டி. 50/5. அதைப் போட்டால் இரண்டு மடங்கு காட்டும்.

முதலில் இதை மனதில் வை: மோட்டார் ஓடும்போது சி.டி. செகண்டரி ஒயர் எதையும் கழற்றக் கூடாது. ஓப்பனானால் எஸ்1, எஸ்2 நடுவே ஆளைக் கொல்லும் வோல்டேஜ் வரும், சி.டி.யும் போய்விடும். அளப்பதெல்லாம் டாங் டெஸ்டரில்தான். 27 ஆம்பியருக்கு செகண்டரியில் 2.7 வர வேண்டும். அளவு சின்னதாகத் தெரிந்தால், ஒயரில் தொய்வு இருக்கும் இடத்தில் மட்டும் டாங்குக்குள் மூன்று சுற்று விட்டு, வருவதை மூன்றால் வகுத்துக்கொள்.

செலக்டரை ஆரில் வைத்துப் பார்த்தேன். டெர்மினல் பிளாக்குக்கு சி.டி.யிலிருந்து வரும் ஒயரில் 2.7, அங்கிருந்து செலக்டருக்குப் போகும் ஒயரில் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. அப்படியானால் கரண்ட் பிளாக்கிலேயே திரும்பிவிடுகிறது. மீட்டர் டெஸ்டிங்குக்குப் போட்ட ஷார்ட்டிங் லிங்கை யாரோ திறக்காமல் விட்டிருக்கிறார்கள். செலக்டர் ஒயரிலும் 2.7 வந்திருந்தால் சுவிட்சின் ஆர் கான்டாக்ட் ஷார்ட்டில் ஒட்டிக்கொண்டது என்று அர்த்தம்.

பியில்தான் எனக்குப் பயம். முள் ஆடும்போது சி.டி. பக்க ஒயரில் டாங் அளவும் சேர்ந்தே ஆடுகிறது, லேசாக உறுமல் வேறு. அது சுவிட்ச் கான்டாக்டாக இருக்க முடியாது என்று சொல்ல மாட்டேன், ஆனால் எஸ்1 ஸ்க்ரூ லூஸாகவோ, லக்குக்குள் ஒயரின் இன்சுலேஷன் சிக்கியோ இருக்கவே வாய்ப்பு அதிகம். இதனால் செலக்டரைத் திருப்பித் திருப்பிப் பார்க்காதே.

ஃபோர்மேனிடம் சொல்லி ஃபேனை நிறுத்தி, ஐசொலேட்டரைப் பூட்டு. பியில் எஸ்1, எஸ்2 இரண்டையும் கழற்றி, கருகிய லக்கை வெட்டி, புதிதாக கிரிம்ப் செய். ஆரில் லிங்கைத் திறந்து, சி.டி. பக்க ஒயரையும் எடுத்துவிட்டு, செலக்டர் ஒயருக்கும் காமனுக்கும் ஓம் பார்: ஆர் நிலையில் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். பி நிலைக்கும் அப்படியே பார்த்துவிடு. நாபை மெல்லத் திருப்பும்போது நடுவில் ஓப்பன் வந்தால் கான்டாக்ட் தேய்ந்துவிட்டது, சுவிட்சையே மாற்று. எஸ்2 காமனில் எர்த் ஒயர் இருக்கிறதா என்றும் பார்.

எல்லாம் முறுக்கிய பிறகு ஓட்டி, ஒவ்வொரு பேஸிலும் டாங்கையும் மீட்டரையும் ஒப்பிட்டு லாக் புக்கில் எழுதிவை. பி இன்னும் ஆடினால் இரவே ஃபோன் செய்.