பம்ப்செட் பழுது கண்டறியும் போட்டிக்கு ஸ்பான்சர்ஷிப் வேண்டி

மாணவர் தொழில்நுட்ப விழாக் குழு,
மின் மற்றும் மின்னணுவியல் துறை,
கோயம்புத்தூர்.
05.01.2026

பெறுநர்:
நிர்வாக இயக்குநர் அவர்கள்,
மோட்டார் பம்ப்செட் தயாரிப்புப் பிரிவு,
கணபதி, கோயம்புத்தூர்.

பொருள்: பிப்ரவரி 20, 21 தேதிகளில் நடக்கும் எங்கள் துறையின் ஆண்டு தொழில்நுட்ப விழாவில், ஒரு போட்டிக்கு மட்டும் ரூ. 60,000 ஸ்பான்சர்ஷிப்பும் எட்டுப் பழைய மோட்டார்களும் கேட்டு.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். சென்ற ஆகஸ்ட் மாதம் எங்கள் துறையின் மூன்றாம் ஆண்டு மாணவர்கள் 42 பேர் தங்கள் தொழிற்சாலையைப் பார்க்க வந்திருந்தோம். வைண்டிங் பிரிவில் ஓர் அம்மா, எங்களோடு பேசிக்கொண்டே ஸ்டேட்டர் துளைகளில் காயிலை இறக்கிக்கொண்டிருந்தார். குனிந்து பார்க்கவில்லை, விரலாலேயே சுற்று எண்ணிக்கை சரியா என்று தடவிப் பார்த்தார். எங்களில் நான்கு பேர் அவரிடம் அனுமதி வாங்கி ஒரு காயில் இறக்கிப் பார்த்தோம். நான்கு பேருமே கம்பியின் எனாமலைச் சுரண்டிவிட்டோம். அவர் கோபப்படவில்லை. "இது இனிமே ஷார்ட் ஆகும் கண்ணு" என்று சொல்லிவிட்டு எல்லாவற்றையும் வெளியே எடுத்தார். இந்தக் கடிதம் எழுத உட்கார்ந்ததும் எங்களுக்கு முதலில் நினைவுக்கு வந்தது அதுதான்.

சென்ற ஆண்டு விழாவில் முதன்முறையாக ஒரு போட்டி வைத்தோம். ஓடாத 3 எச்.பி. மோனோபிளாக் ஒன்றை மேசையில் வைத்து, என்ன பழுது, ஏன் வந்தது என்று 40 நிமிடத்தில் எழுதித் தரச் சொன்னோம். 22 கல்லூரிகளிலிருந்து வந்த 31 குழுக்கள் கலந்துகொண்டன. மெக்கர், மல்டிமீட்டர் எல்லாம் கொடுத்திருந்தோம். காயில் எரிந்திருக்கிறது என்று எல்லோரும் எழுதினார்கள். ஏன் எரிந்தது என்று சரியாக எழுதியவை இரண்டே குழுக்கள்.

நடுவராக வந்திருந்தவர் 30 வருடமாக மோட்டார் காயில் கட்டும் ஒரு மெக்கானிக். மூடியைக் கழற்றியதும் அவர் எங்களைக் கூப்பிட்டுக் காட்டினார்: இரண்டு பேஸ் காயில்கள் கருகிக் கிடந்தன, மூன்றாவது மட்டும் நேற்றுக் கட்டியது போல இருந்தது. ஸ்டார் இணைப்பில் உள்ள மோட்டாருக்கு ஒரு பேஸ் வராமல் போனால், மற்ற இரண்டு காயில்களும் சுமை முழுவதையும் தாங்கி எரிகின்றன. தோட்டத்தில் ஒரு ஃபியூஸ் போனதைக் கவனிக்காமல் மோட்டாரைப் போடும் விவசாயிக்கு நடப்பது இதுதான். சிங்கிள் பேசிங் பற்றித் தேர்வில் 16 மதிப்பெண்ணுக்கு எழுதியவர்கள் நாங்கள். கண்ணெதிரே இருந்தபோது எங்களுக்கு அடையாளம் தெரியவில்லை. அந்தக் குறையைப் போக்கத்தான் இந்த ஆண்டு அதே போட்டியைப் பெரிதாக நடத்த விரும்புகிறோம்.

இந்த முறை எட்டு மேசை, எட்டு மோட்டார். ஒவ்வொன்றிலும் வேறு வேறு பழுது இருக்கும்: பேரிங் தேய்ந்தது, இம்பெல்லர் உரசுவது, மெக்கானிக்கல் சீல் கசிந்து காயிலில் தண்ணீர் ஏறியது, கெபாசிட்டர் போனது, இப்படி. பழுதைச் சொன்னால் பாதி மதிப்பெண், காரணத்தையும் அடுத்து அது வராமல் தடுக்கும் வழியையும் சொன்னால் மீதி. முதல் நாள் தேர்வாகும் ஆறு குழுக்கள் இரண்டாம் நாள் தாங்களே காயில் கட்டி மோட்டாரை ஓட்டிக் காட்ட வேண்டும்.

இதற்குத் தங்களிடம் கேட்பது இரண்டு.

முதலாவது, மோட்டார்கள். சோதனையில் தேறாதவை, சர்வீஸுக்குத் திரும்பி வந்தவை என்று ஒதுக்கி வைத்தவற்றில் எட்டு கொடுத்தால் போதும். தங்கள் பெயர்த் தகட்டை நாங்களே கழற்றிவிடுகிறோம். மேசையில் இருக்கும் பழுதான மோட்டார் எந்த நிறுவனத்துடையது என்று போட்டியாளர்களுக்குத் தெரியாது. விழா முடிந்ததும் திருப்பித் தருகிறோம், அல்லது தாங்கள் சம்மதித்தால் எங்கள் ஆய்வகத்திலேயே வைத்துக்கொள்கிறோம்.

இரண்டாவது, ரூ. 60,000. இதில் மூன்று பரிசுகளுக்கு 12,000, 8,000, 5,000 என்று 25,000 ஆகும். செம்புக் கம்பி, இன்சுலேஷன் தாள், வார்னிஷ், பேரிங் எல்லாம் சேர்த்து 14,000. மாணவர்கள் மின்சாரத்தில் கை வைக்கும் போட்டி என்பதால் ஒவ்வொரு மேசைக்கும் தனி எம்.சி.பி.யும் கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் பிரேக்கரும் பொருத்த 9,000. நடுவர்களாக வரும் இரண்டு காயில் மெக்கானிக்குகளுக்குத் தலா 3,000. ஒரு நாள் கடையை மூடிவிட்டு வருபவர்களுக்குச் சால்வை மட்டும் போர்த்தி அனுப்புவது சரியல்ல என்பது எங்கள் குழுவின் முடிவு. மோட்டார்களை ஏற்றி இறக்க 6,000.

விழாவின் மொத்தச் செலவு ரூ. 2,10,000. துறை 50,000 தருகிறது. பதிவுக் கட்டணமாக 45,000 எதிர்பார்க்கிறோம், முன்னாள் மாணவர்கள் 30,000 தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். மீதி 25,000-க்கு உள்ளூர்க் கடைகளை அணுகுகிறோம். வேறு பம்ப்செட் நிறுவனம் எதையும் கேட்கவில்லை, தங்கள் பதில் வரும்வரை கேட்கவும் மாட்டோம்.

போட்டி தங்கள் நிறுவனத்தின் பெயரில் நடக்கும். அழைப்பிதழ், சான்றிதழ், மேடை பேனர் மூன்றிலும் பெயர் வரும். முகப்பில் பத்துக்குப் பத்து அடியில் ஒரு ஸ்டால் தருகிறோம். ஆனால், தங்களுக்கு இதைவிடப் பயன்படும் என்று நாங்கள் நினைப்பது வேறொன்று: இறுதிச் சுற்றில் தங்கள் சர்வீஸ் அல்லது தரப் பிரிவிலிருந்து ஒருவர் நடுவராக உட்கார வேண்டும். எந்த மாணவன் மோட்டாரைத் தொடும் முன் சப்ளையைத் துண்டிக்கிறான், யார் முதலில் கையால் ஷாஃப்டைச் சுற்றிப் பார்க்கிறார்கள் என்பதெல்லாம் அந்த மூன்று மணி நேரத்தில் தெரிந்துவிடும். நேர்முகத் தேர்வில் அது தெரியாது. விருப்பமுள்ள மாணவர்களின் விவரங்களை அவர்கள் சம்மதத்துடன் பயிற்சிக்கும் வேலைக்கும் தங்களுக்கு அனுப்பி வைப்போம்.

பணத்தை மாணவர்கள் யாரும் கையில் வாங்க மாட்டோம். காசோலை கல்லூரி முதல்வரின் பதவிப் பெயரில் இருந்தால் போதும், ரசீது அன்றே கிடைக்கும். விழா முடிந்த 15 நாளில் பில்களின் நகலோடு கணக்கை நேரில் கொண்டுவந்து தருகிறோம். மிச்சமானால் அதையும் திருப்பித் தந்துவிடுவோம்.

பொங்கல் விடுமுறை முடிந்து ஜனவரி 19-ஆம் தேதிக்குப் பிறகு, தாங்கள் சொல்லும் நாளில் எங்கள் பேராசிரியருடன் இரண்டு பேர் நேரில் வந்து பேச விரும்புகிறோம். அரை மணி நேரம் போதும். அழைப்பிதழ் 27-ஆம் தேதி அச்சுக்குப் போவதால் 23-ஆம் தேதிக்குள் தங்கள் முடிவு தெரிந்தால் உதவியாக இருக்கும். முழுத் தொகை இயலாவிட்டால் மோட்டார்கள் மட்டும் கிடைத்தாலும் போட்டியைச் சிறிய அளவிலாவது கட்டாயம் நடத்துவோம்.

அப்புறம், இன்னொரு வேண்டுகோள். வைண்டிங் பிரிவின் அந்த அம்மாவை, தாங்களும் அவரும் சம்மதித்தால், இறுதிச் சுற்றைத் தொடங்கி வைக்க அழைக்க விரும்புகிறோம். முதல் காயிலை அவர் இறக்கிக் காட்ட வேண்டும்.

நன்றியுடன்,
மாணவர் செயலாளர் (நான்காம் ஆண்டு)
மாணவர் பொருளாளர் (மூன்றாம் ஆண்டு)
மேலொப்பம்: விழா ஒருங்கிணைப்புப் பேராசிரியர்

இணைப்பு: சென்ற ஆண்டு வரவு செலவுக் கணக்கு, போட்டி விதிமுறை, முதல்வரின் அனுமதிக் கடித நகல்.